தேரி மணலில் டென்சியோமீட்டர்: எந்த எண்ணில் தண்ணீர் விடுவது?

*சாத்தான்குளம் பக்கம் தேரி மணலில் 6 வயது எலுமிச்சை வைத்திருக்கிறேன், 6 மீட்டர் இடைவெளி. மரத்துக்கு மணிக்கு 8 லிட்டர் விடும் டிரிப்பர் 4. ஒரு நாள் விட்டு ஒரு நாள் 3 மணி நேரம் தண்ணீர் விடுகிறேன். 30 செ.மீ. ஆழத்தில் ஒன்று, 60 செ.மீ. ஆழத்தில் ஒன்று என டென்சியோமீட்டர் நட்டிருக்கிறேன். முள் 50க்கு வந்ததும் தண்ணீர் விட வேண்டும் என்று கையேட்டில் இருக்கிறது. ஆனால் 30 செ.மீ. கருவி 25ஐத் தாண்டும் முன்பே மதியத்தில் இலை சுருள்கிறது. மோட்டார் பழுதான சமயம் அது 38 காட்டியது, மறுநாள் 62, அதற்கும் மறுநாள் தண்ணீரே விடாமல் 6. ஆழத்துக் கருவி எப்போதும் 10, 11லேயே நிற்கிறது. எந்த எண்ணை நம்புவது?*

உங்கள் மணலில் 50 வரை காத்திருக்கவே கூடாது. 30 செ.மீ. ஆழத்தில் மண்ணின் உண்மையான இழுவிசை 12 முதல் 15 சென்டிபார் ஆகும்போதே தண்ணீர் சேர வேண்டும். 20 என்பது கடைசி எல்லை. உங்கள் டயலில் அது ஏறத்தாழ 16 முதல் 20 வரை என்று தெரியும். இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பதைக் கீழே சொல்கிறேன். ஆழத்துக் கருவி 10, 11 காட்டுவதைப் பார்த்து அங்கே ஈரம் அளவாக இருக்கிறது என்று எண்ணியிருப்பீர்கள். உண்மையில் நீங்கள் விடும் தண்ணீரில் பாதிக்கு மேல் வேருக்குக் கீழே போய்க்கொண்டிருக்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி. தண்ணீர் விடாமல் வந்த 6 பொய்யான எண்.

டென்சியோமீட்டர் மண்ணில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று அளப்பதில்லை. இருக்கிற தண்ணீரை மண் எவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருக்கிறது என்பதைத்தான் அளக்கிறது. குழாயின் அடியில் உள்ள பீங்கான் முனையின் நுண்துளைகள் வழியாக, காய்கிற மண் குழாய்க்குள் இருக்கும் நீரை இழுக்கிறது. குழாய் மூடியிருப்பதால் உள்ளே வெற்றிடம் உருவாகி முள் நகர்கிறது. ஆகவே முள் காட்டுவது வேர் எவ்வளவு பலத்தோடு உறிஞ்ச வேண்டியிருக்கிறது என்பதை. களிமண்ணில் 50 சென்டிபார் என்றால் வேருக்கு எட்டும் தண்ணீரில் பெரும்பகுதி இன்னும் மிச்சம் இருக்கும், ஏனென்றால் அதன் நுண்ணிய துளைகள் மெதுவாகத்தான் காலியாகின்றன. மணலின் துளைகள் பெரியவை. அவை மிகக் குறைந்த இழுவிசையிலேயே தண்ணீரை விட்டுவிடும். தேரி போன்ற மணலில் 8 முதல் 10 சென்டிபாரில் வடிதல் ஓய்ந்து, மண் பிடித்துவைக்கக்கூடிய அளவு மட்டும் நிற்கிறது. 20ஐ எட்டும்போது வேருக்கு உதவும் தண்ணீரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை போயிருக்கும். 40ஐ எட்டினால் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் தீர்ந்திருக்கும். உங்கள் கையேட்டில் உள்ள 50 வண்டல், களிமண் நிலங்களுக்குப் பொருந்தும் எண். மணலில் அது பஞ்சத்தின் எண்.

இன்னொன்றும் நடக்கிறது, அதுதான் இலை சுருளக் காரணம். மணல் காயும்போது துளைகளிலிருந்து நீர் போய்க் காற்று புகுகிறது. அதன் பிறகு மணல் மணியிலிருந்து மணிக்கு நீர் நகரும் பாதைகள் அறுந்துபோகின்றன. மண் முழுவதிலும் சிறிது நீர் இருந்தாலும் வேரைச் சுற்றியுள்ள மெல்லிய அடுக்கு முதலில் வறண்டுவிடும். அரை அடி தள்ளி இருக்கும் நீர் அங்கே வந்து சேராது. மதிய வெயிலில் மரம் வேகமாக நீரைக் கேட்கும்போது வேரின் மேற்பரப்பில் இழுவிசை 60, 70 என்றுகூட இருக்கலாம். பீங்கான் முனையோ வேரில்லாத ஓர் இடத்தில், சுற்றுப்புறத்தின் சராசரியை 25 என்று காட்டிக்கொண்டிருக்கும். நீங்கள் பார்த்த முரண்பாடு இதுதான். கருவி தவறாகச் சொல்லவில்லை. மணலில் மரத்தின் தாகம் கருவியின் எண்ணை முந்திக்கொண்டு ஓடுகிறது. அதனால்தான் மணலுக்கு எல்லையை இவ்வளவு தாழ்வாக வைக்கிறோம். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்து மணல் நிலங்களில் ஆரஞ்சுத் தோட்டங்களுக்கு அங்குள்ள பல்கலைக்கழகம் தரும் பரிந்துரையும் பூக்கும், காய் பிடிக்கும் காலத்தில் 10 முதல் 15 சென்டிபார்தான்.

இப்போது டயலுக்கு வருகிறேன். இதைப் பலரும் கவனிப்பதில்லை. களிமண்ணில் கவனிக்காவிட்டாலும் குடி முழுகாது, மணலில் முழுகும். டயல் தரைக்கு மேலே இருக்கிறது, பீங்கான் முனை தரைக்குக் கீழே இருக்கிறது. இடையில் ஒரு நீர்த்தூண் தொங்குகிறது. அந்தத் தூணின் எடையும் டயலை இழுக்கிறது. ஒவ்வொரு 10 செ.மீ. உயரத்துக்கும் ஏறத்தாழ 1 சென்டிபார் கூடுதலாகத் தெரியும். 30 செ.மீ. ஆழத்தில் முனை, தரைக்கு மேல் 15 செ.மீ. உயரத்தில் டயல் என்றால் இடைவெளி 45 செ.மீ., அதாவது டயல் 4.5 கூட்டிக் காட்டும். ஆழத்துக் கருவியில் இடைவெளி 75 செ.மீ., ஆகவே கூடுதல் 7.5. களிமண்ணில் 50ஐ 54 என்று படித்தால் பெரிய கேடு இல்லை. நீங்கள் 12க்கும் 15க்கும் நடுவில் முடிவெடுக்க வேண்டியவர். 4.5 என்பது உங்களுக்கு மூன்றில் ஒரு பங்குப் பிழை.

சில டயல்களில் இந்தக் கூடுதலை ஏற்கனவே கழித்து முள்ளைச் சரிசெய்திருப்பார்கள், சிலவற்றில் இருக்காது. கருவியைப் பிடுங்கி, குழாய் நிறையத் தண்ணீர் இருக்கும் நிலையில் பீங்கான் முனை மட்டும் மூழ்கும்படி ஒரு வாளித் தண்ணீரில் நேராக நிறுத்திப் பாருங்கள். அரை மணி நேரம் கழித்து முள் எங்கே நிற்கிறதோ அதுதான் அந்தக் கருவிக்குரிய கழிவு. 0 காட்டினால் கழிக்க வேண்டியதில்லை, 4 காட்டினால் எல்லா எண்ணிலும் 4ஐக் கழியுங்கள். அந்த எண்ணைப் பெயிண்டால் குழாயின் மேலேயே எழுதிவைத்துவிடுங்கள். நீர்த்தூணின் கூடுதலோடு முள்ளின் சொந்தக் கோளாறும் சேர்ந்து இந்த ஒரே சோதனையில் வெளிப்பட்டுவிடும்.

உங்கள் ஆழத்துக் கருவியின் கழிவு 7.5 என்று வைத்துக்கொண்டு பாருங்கள். 11 காட்டினால் உண்மை 3.5. அந்த இழுவிசையில் மணலில் நீர் நிற்காது, கீழ்நோக்கி வடிந்துகொண்டே இருக்கும். அதாவது 60 செ.மீ. ஆழத்தில் எப்போது பார்த்தாலும் தண்ணீர் கீழே போய்க்கொண்டிருக்கிறது. மேலே 30 செ.மீ. ஆழத்தில் இரண்டாம் நாள் மதியம் மரம் தவிக்கிறது. ஒரே மரத்தின் அடியில் பஞ்சமும் வீணும் சேர்ந்து நடக்கின்றன. தண்ணீர் விடும் நாளை மட்டும் மாற்றி இதைத் தீர்க்க முடியாது. ஏன் என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தால் விளங்கும்.

மணலில் டிரிப்பரின் ஈரம் பக்கவாட்டில் அதிகம் பரவாது, நேராகக் கீழே இறங்கும். ஒரு டிரிப்பர் 30 செ.மீ. ஆரத்துக்கு நனைக்கிறது என்று தாராளமாகவே கொள்வோம். 4 டிரிப்பரும் சேர்ந்து ஏறத்தாழ 1.1 சதுர மீட்டர் நனைக்கும். எலுமிச்சையின் உறிஞ்சு வேர்களில் பெரும்பகுதி மேல் 45 செ.மீ.க்குள் இருக்கின்றன. ஆகவே மரத்துக்கு உதவும் ஈர மண் ஏறத்தாழ 510 லிட்டர் கொள்ளளவு. இத்தகைய மணலில் வேருக்கு எட்டும் நீர் கொள்ளளவில் 7 சதவீதம் என்று எடுத்துக்கொண்டால் மொத்தம் 36 லிட்டர். வேர்ப்பகுதி நிரம்பியிருந்தாலும் கையிருப்பு அவ்வளவுதான். அதில் மூன்றில் ஒரு பங்கை மட்டுமே மரம் சிரமமின்றி எடுக்கும், அது 12 லிட்டர்.

மரத்தின் தேவையைப் பாருங்கள். விதானம் 3 மீட்டர் அகலம் என்றால் அதன் நிழல் 7 சதுர மீட்டர். உங்கள் பக்கத்துக் கோடையில் நாளொன்றுக்கு ஆவியாதல் தேவை 6 மி.மீ. என்றும், எலுமிச்சை அதில் 65 சதவீதம் கேட்கும் என்றும் கொண்டால் நாளுக்கு 27, 28 லிட்டர். கையில் சிரமமில்லாத இருப்பு 12, ஒரு நாள் செலவு 28. ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்ற முறை இந்த மண்ணில் எப்படிப் பொருந்தும்? நீங்களோ ஒரே தடவையில் 96 லிட்டர் விடுகிறீர்கள். 36 லிட்டர் கொள்ளும் இடத்தில் 96 லிட்டர் ஊற்றினால் 60 லிட்டர் அளவுக்குக் கீழே போகத்தான் செய்யும். ஏக்கருக்கு 110 மரம் என்றால் ஒவ்வொரு தடவையும் 6,600 லிட்டர். குழாய் வழியாக உரம் கலந்துவிடும் வழக்கம் இருந்தால் அந்தத் தழைச்சத்தும் கூடவே போகிறது. இலை வெளுத்திருந்தால் இதையும் காரணமாகச் சந்தேகியுங்கள்.

ஈரமாகும் மண்ணின் அளவைப் பெருக்குவதுதான் முதல் வேலை. 8 லிட்டர் டிரிப்பர் 4ஐக் கழற்றிவிட்டு, மரத்தின் இருபுறமும் இரண்டு பக்கக் குழாய் ஓட்டி, 4 லிட்டர் டிரிப்பர் 8 பொருத்துங்கள். மோட்டார் தள்ளும் தண்ணீரின் அளவு மாறாது, அதே மணிக்கு 32 லிட்டர்தான். ஒன்றுக்கொன்று 60, 70 செ.மீ. இடைவெளியில் வைத்தால் நனையும் பரப்பு ஏறத்தாழ இரட்டிப்பாகும். இருப்பு 72 லிட்டர் ஆகும், சிரமமில்லாத பங்கு 24. இப்போது ஒரு நாள் செலவுக்குக் கிட்டத்தட்ட ஈடாகிவிட்டது. தினமும் ஒரு மணி நேரம் விட்டால் 32 லிட்டர், குழாயில் ஏற்றத்தாழ்வாகப் போகும் சிறு இழப்பும் அதில் அடங்கிவிடும். கடும் கோடையில் அதையே காலை 30 நிமிடம், பிற்பகல் ஒரு மணிக்கு 30 நிமிடம் என்று பிரித்துவிடுங்கள். மதியம் விட்டால் வேர் வெந்துவிடும் என்ற பேச்சு உண்டு. சொட்டுநீரில் அந்த அச்சம் வேண்டாம். மரம் அதிகம் கேட்கும் நேரத்தில் கொடுக்கிறீர்கள், அவ்வளவுதான். கறுப்புக் குழாயில் வெயிலில் கிடந்த முதல் சில லிட்டர் மட்டும் சூடாக வரும்.

மைக்ரோ தெளிப்பான் போட்டால் 3 மீட்டர் விட்டம் நனையும், இருப்பு 200 லிட்டரைத் தாண்டும், இரண்டு நாளுக்கு ஒரு முறைகூடப் போதும். ஆனால் உங்கள் பகுதியில் ஆடிக்காற்று அடிக்கும் மாதங்களில் தெளிக்கும் தண்ணீர் மரத்தடியில் விழாது. நான் உங்கள் இடத்தில் டிரிப்பரைத்தான் கூட்டுவேன்.

இதைச் செய்த பிறகு கருவிக்கு முன்பைவிட நுட்பமான வேலை கிடைக்கிறது. தினமும் விடுவது என்று முடிவாகிவிட்டதால் இன்று விடுவதா நாளை விடுவதா என்ற கேள்வி பெரும்பாலும் எழாது. எவ்வளவு நேரம் விடுவது என்பதைத்தான் இரண்டு கருவியும் சொல்லும். தினமும் ஒரே நேரத்தில், சூரியன் ஏறும் முன், தண்ணீர் திறக்கும் முன் படியுங்கள். இரவு முழுவதும் மரம் உறிஞ்சாமல் இருந்ததால் மண்ணுக்குள் ஈரம் ஓரளவு சமநிலைக்கு வந்திருக்கும். மதியத்தில் படித்தால் குழாய் சூடேறுவதாலேயே முள் ஆடும். டயலின் மேல் ஒரு பழைய பிளாஸ்டிக் தொட்டியைக் கவிழ்த்து வைப்பது நல்லது.

காலையில் 30 செ.மீ. கருவியின் உண்மை எண் 10 முதல் 15க்குள் இருந்து, ஆழத்துக் கருவி 10க்கும் 20க்கும் நடுவில் மெல்ல அசைந்துகொண்டிருந்தால் நேரம் சரி. மேலே 12 இருக்கும்போது ஆழத்தில் 5, 6 என்று தொடர்ந்து தெரிந்தால் தண்ணீர் கூடுதல். ஒவ்வொரு தடவையும் 5 நிமிடம் குறைத்து 4, 5 நாள் பாருங்கள். மேலே சரியாக இருந்தும் ஆழத்தில் நாளுக்கு நாள் ஏறி 25, 30 என்று போனால் மரம் கீழிருந்து கடன் வாங்குகிறது, அங்கே நீங்கள் எதையும் நிரப்புவதில்லை என்று பொருள். அப்போது 10 நிமிடம் கூட்டுங்கள். இரண்டும் ஏறினால் தேவையே கூடிவிட்டது. வெயில் முற்றும்போதும் காற்று கிளம்பும்போதும் இப்படித்தான் தொடங்கும், இலை சுருள்வதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே தெரிந்துவிடும்.

எண்ணைவிட எண்ணின் நடையைப் பார்க்கப் பழகுங்கள். தோட்டத்தில் ஒரு மரத்தை மட்டும் எடுத்து, நன்றாக நனைத்துவிட்டு, அதன் டிரிப்பர்களை அடைத்துத் தினமும் காலையில் எழுதுங்கள். மணலில் வரிசை ஏறத்தாழ இப்படிப் போகும்: 8, 10, 13, 18, 31, 58. முதல் சில நாள் இரண்டு மூன்றாக ஏறி, பிறகு ஒரே நாளில் பத்துக்கு மேல் தாவும். அந்தத் தாவல் தொடங்கும் இடம்தான் உங்கள் மண்ணின் முழங்கால். மேலே சொன்ன வரிசையில் அது 18. அதற்கு ஒரு படி முன்னால், 13இல், தண்ணீர் சேர வேண்டும். உங்கள் நிலத்தில் செம்மண் கலந்த திட்டு இருந்தால் அங்கே தாவல் 30க்கு மேல் வரலாம். அந்தத் திட்டின் எண்ணைக் கொண்டு மணல் பகுதிக்குத் தண்ணீர் விடாதீர்கள். தோட்டத்தில் மண் மாறும் இடங்களில் தனித்தனி வால்வும் தனித்தனிக் கருவி ஜோடியும் வேண்டும். ஒரே ஜோடிதான் வாங்க முடியும் என்றால் மிக லேசான மணலில் நடுங்கள், ஏனென்றால் முதலில் தவிப்பது அங்குள்ள மரம்தான்.

நீங்கள் பார்த்த 38, 62, 6 வரிசையும் இந்தத் தாவலின் தொடர்ச்சிதான். 38இலிருந்து ஒரே நாளில் 62க்குப் போனது உண்மை, மணல் அப்படித்தான் செய்யும். அடுத்த நாள் வந்த 6 உண்மையல்ல. இழுவிசை 80ஐ நெருங்கும்போது குழாய் நீரில் கரைந்திருந்த காற்று குமிழாகப் பிரிகிறது, நீர்த்தூண் அறுகிறது, வெற்றிடம் உடைந்து முள் கீழே விழுகிறது. சில சமயம் பீங்கான் முனை உலர்ந்து அதன் வழியாகவே காற்று புகுந்துவிடும். மண் அப்போது உச்ச வறட்சியில் இருந்திருக்கும், டயலோ சேறு போல ஈரம் என்று சொல்லும். அதை நம்பி மேலும் ஒரு நாள் காத்திருந்தவர்கள் பிஞ்சை இழந்திருக்கிறார்கள். தண்ணீரோ மழையோ இல்லாமல் முள் இறங்கினால் அது பொய் என்று முடிவு செய்யுங்கள். குழாயில் பாருங்கள், மேலே இரண்டு மூன்று அங்குலம் காற்று நிற்கும்.

அப்படி விழுந்த கருவியை மண் நனையாமல் மறுபடி நிரப்பிப் பயனில்லை, உடனே வற்றிவிடும். முதலில் தண்ணீர் விட்டு மண்ணை நனையுங்கள். பிறகு கொதிக்கவைத்து ஆறிய நீரால் குழாயை நிரப்பி, கை வெற்றிடப் பம்பால் இழுத்துக் குமிழ்களை வெளியேற்றுங்கள். கொதிக்கவைப்பது கரைந்த காற்றைப் போக்கத்தான். முள்ளை 60, 70 வரை பம்பால் ஏற்றிவிட்டுக் கவனித்தால் கருவியின் நலம் தெரியும். ஈர மண்ணில் அது அரை மணி, ஒரு மணி நேரத்தில் மண்ணின் எண்ணுக்கு இறங்கி நிற்க வேண்டும். சில நொடிகளில் 0க்கு விழுந்தால் மூடியிலோ டயல் மரையிலோ காற்று புகுகிறது, அல்லது முனையில் விரிசல். ஈர மண்ணிலும் பல மணி நேரம் மேலேயே தொங்கினால் முனை அடைபட்டிருக்கிறது, அல்லது மண் முனையைத் தொடவில்லை.

கடைசியாகச் சொன்னது மணலில் அடிக்கடி வரும் கோளாறு. பருமணலில் முனையைச் சுற்றிச் சிறு இடைவெளி இருந்தாலும் நீர்த் தொடர்பு அறுந்துவிடும். மண் காய்ந்துகொண்டே போக, முள் 15இல் அசையாமல் நிற்கும். இது மேலே சொன்ன வீழ்ச்சியைவிட ஆபத்தானது, ஏனென்றால் பார்க்க நல்ல எண்ணாகத் தெரியும். இரண்டு நாள் வெயிலில் முள் ஒரு கோடுகூட நகரவில்லை என்றால் சந்தேகப்படுங்கள். நடும்போதே இதைத் தடுக்கலாம். முனையை ஓர் இரவு நீரில் ஊறவையுங்கள். குழாயின் பருமனுக்கே துளை போடுங்கள், அகலமாகத் தோண்டி மண்ணைத் தள்ளி மூடக் கூடாது. அதே ஆழத்து மண்ணைச் சலித்து, நுண்ணிய பகுதியைத் தண்ணீரில் கூழாகக் கரைத்துத் துளையில் ஊற்றி, கூழ் இறுகும் முன் கருவியை இறக்குங்கள். உங்கள் மணலில் நுண்மண் கிடைப்பது அரிது என்றால் குளத்து வண்டலைச் சிறிதளவு சேர்த்துக் கரைக்கலாம், முனையைச் சுற்றி ஒரு மெல்லிய பூச்சு அளவுக்கு மட்டும். தரைமட்டத்தில் மண்ணைச் சற்று மேடாக அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் குழாயை ஒட்டியே தண்ணீர் வழிந்து நேரே முனைக்கு இறங்கும், 30 செ.மீ. கருவி எப்போதும் ஈரம் என்றே சொல்லும்.

இடம் பற்றியும் ஒரு வார்த்தை. பல கையேடுகள் டிரிப்பரிலிருந்து ஓர் அடிக்கு மேல் தள்ளி நடச் சொல்கின்றன. மணலில் அங்கே ஈரமே வராது. 15 முதல் 20 செ.மீ. தள்ளி நடுங்கள், தண்டை நோக்கிய பக்கத்தில் அல்லாமல் விதானத்தின் விளிம்பு இருக்கும் பக்கத்தில். உங்கள் டயல் 0 முதல் 100 வரை என்றால் 12க்கும் 15க்கும் உள்ள வித்தியாசம் ஒரு முள் அகலம்தான். அடுத்த முறை வாங்கும்போது 0 முதல் 40 வரை மட்டும் அளக்கும் குறைவிசைக் கருவியைக் கேளுங்கள். மணலுக்கென்றே வருவது அது, அதன் பீங்கான் முனையும் நீரை வேகமாக விடும் வகை.

பருவத்துக்கு ஏற்ப எல்லையைச் சற்றுத் தளர்த்தலாம். பூ எடுத்தது முதல் பிஞ்சு கோலிக்குண்டு அளவாகும் வரை 15ஐத் தாண்ட விடாதீர்கள். அப்போது ஒரு நாள் தவித்தாலும் பிஞ்சு கொட்டும். காய் பருத்த பிறகு 20 வரை போகலாம், ஆனால் ஒரு நாள் 10, ஒரு நாள் 35 என்று ஆடவிடக் கூடாது. காய்ந்து திடீரென்று நனையும்போதுதான் எலுமிச்சை வெடிக்கிறது. பூவுக்காகக் காயப்போடும் நாட்களில் கருவியை நம்பிப் பயனில்லை. மணலில் முள் சில நாட்களிலேயே தன் எல்லையைத் தாண்டிவிடும். அந்தக் காலத்தில் இலையைப் பார்த்து முடிவெடுங்கள், மறுபடி தண்ணீர் தொடங்கும்போது சிறிது சிறிதாகக் கொடுங்கள், பிறகு கருவியை நிரப்பிக்கொள்ளுங்கள்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கருவிகளைக் கழற்றிவிடாதீர்கள். காய்ந்த மணலில் 20 மி.மீ. மழை ஓர் அடி ஆழத்துக்குச் சற்றுக் குறைவாகத்தான் இறங்கும். தூறல் விழுந்த மறுநாள் மோட்டாரை நிறுத்துவதா என்ற கேள்விக்கு 30 செ.மீ. முள் இறங்கியதா என்பதே பதில். இறங்காவிட்டால் மழை மேல் மண்ணோடு நின்றுவிட்டது, நீங்கள் வழக்கம்போல் விடலாம்.

டென்சியோமீட்டருக்குத் தெரியாத ஒன்று உப்பு. உங்கள் கிணறு கடலுக்கு எவ்வளவு தூரம் என்று நீங்கள் எழுதவில்லை. தண்ணீர் சிறிது கரித்தாலும் வேர் அந்த உப்பின் இழுப்பையும் எதிர்த்து உறிஞ்ச வேண்டும். பீங்கான் முனை உப்பைத் தாராளமாக உள்ளே விட்டுவிடுவதால் முள்ளில் அது சிறிதும் தெரியாது. முள் 10 காட்டும்போதே இலை நுனி கருகி, ஓரம் மஞ்சளாகி, இலை உதிர்ந்தால் ஈரக் குறைவைத் தேட வேண்டாம். கிணற்று நீரை மண்பரிசோதனை நிலையத்தில் கொடுத்து மின்கடத்துத் திறனைப் பாருங்கள். அது உயர்ந்திருந்தால் நான் மேலே சொன்ன கணக்கில் ஒரு மாற்றம் தேவைப்படும். ஆழத்துக் கருவியை எப்போதும் 10க்கு மேல் வைத்திருப்பது உப்பை வேரடியிலேயே தேக்கிவிடும். ஆகவே இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வேண்டுமென்றே இரண்டு மணி நேரம் சேர்த்து ஓடவிட்டு, ஆழத்து முள்ளின் உண்மை எண் 4, 5க்கு இறங்கும் வரை உப்பைக் கீழே தள்ளுங்கள். அன்று குழாயில் உரம் கலக்காதீர்கள்.